விலைவாசிக்குக் கூலியைக் குறை சொல்லாதீர்கள்: பிரேசில் 1994

கூலி உயர்வு கேட்பதால்தான் விலைவாசி ஏறுகிறது என்று சொல்பவர்கள் பிரேசிலின் கதையை ஒருமுறை படிக்க வேண்டும். அங்கே சிக்கல் பேராசையில் இல்லை, தேதியில் இருந்தது.

சம்பளம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது, அதற்குள் விலைகள் சீராக ஏறி இரட்டிப்பாகின்றன என்று வையுங்கள். திருத்திய அன்று 100 ரூபாய்க்கு உள்ள வாங்கும் சக்தி ஆறாம் மாத முடிவில் 50 ஆகிவிடும். சராசரி 72 அளவில்தான் நிற்கும். ஆனால் தொழிலாளி கேட்பது அந்த முதல் நாளின் 100-ஐ. முதலாளியும் வீட்டுக்காரரும் தத்தம் உச்சத்தைத்தான் கேட்கிறார்கள். எல்லாருடைய உச்சத்தையும் ஒரே நாளில் கொடுக்க நாட்டில் அவ்வளவு சரக்கு கிடையாது. அதனால் அடுத்த மாதமும் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொருவரும் இன்றே ஏற்றிவிடுகிறார்கள். நேற்றைய ஏற்றமே நாளைய ஏற்றத்துக்குக் காரணமாகிறது.

இந்தச் சுழலை நிறுத்த 1986 பிப்ரவரியில் பிரேசில் அரசு கொண்டுவந்த குருசாடோ திட்டம் விலைகளை அப்படியே உறையவைத்தது. முந்தைய வாரம் விலையை ஏற்றியிருந்த வியாபாரி தப்பித்தார். மறுவாரம் ஏற்றவிருந்தவர் நஷ்டத்தில் மாட்டினார், சரக்கைப் பதுக்கினார். கடைகளில் இருந்து இறைச்சி காணாமல் போனது. மேய்ச்சல் நிலத்துக்கே போலீசை அனுப்பி மாடுகளைப் பறிமுதல் செய்தார்கள். விலைவாசி 20 சதவீதம் ஏறினால் சம்பளம் தானாக உயரும் என்ற விதியும் அதே திட்டத்தில் இருந்தது. உறைவு உடைந்ததும் அது சுழலை இன்னும் வேகப்படுத்தியது.

1994-இல் செய்தது வேறு. பெர்சியோ அரிதா, ஆந்த்ரே லாரா ரெசெண்டே என்ற பொருளாதார அறிஞர்கள் பத்தாண்டுக்கு முன்பே யோசித்து வைத்திருந்த வழி அது. மார்ச் 1 அன்று யு.ஆர்.வி. என்றொரு கணக்கு அலகை அறிமுகப்படுத்தினார்கள். அது கையில் பிடிக்கும் பணம் அல்ல. அப்போதைய நாணயமான குருசெய்ரோ ரியலில் அன்று அதன் மதிப்பு 647.50, ஜூன் 30 அன்று 2,750. தினமும் மத்திய வங்கி அறிவிக்கும். குருசெய்ரோ ரியலில் விலைகள் எகிறிக்கொண்டே இருந்தாலும் யு.ஆர்.வி. கணக்கில் ஏறக்குறைய அசையாமல் நின்றன.

சம்பளத்தை இந்த அலகுக்கு மாற்றும்போது உச்சத்தை எடுக்கவில்லை, முந்தைய நான்கு மாதங்களின் உண்மைச் சராசரியை எடுத்தார்கள். என் பார்வையில் திட்டத்தின் உயிர் இந்த ஒரு முடிவுதான். யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற வித்தியாசம் அதில் கரைந்துபோனது. எவரையும் கட்டாயமாக உறையவைக்கவும் இல்லை, கடைக்காரர்கள் தாங்களாகவே புதிய அலகுக்கு மாறினார்கள். ஜூலை 1 அன்று ரியல் என்ற புதிய நாணயம் வந்தது, ஒரு யு.ஆர்.வி. ஒரு ரியல் ஆனது. ஜூனில் மாதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்த பணவீக்கம் ஆகஸ்டில் 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது.

அலகு மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. பட்ஜெட்டைக் கட்டுப்படுத்த அவசர நிதி ஏற்பாடு, வெளிநாட்டுச் சரக்குக்குத் திறந்த கதவு, மிக உயர்ந்த வட்டி எல்லாம் சேர்ந்துதான் தாங்கின. வட்டியின் சுமை கடன் வாங்கிய தொழில்கள் மேல் விழுந்தது. ரியலின் மதிப்பைச் செயற்கையாக உயரத்தில் வைத்திருந்த ஏற்பாடு 1999 ஜனவரியில் உடைந்து, நாணயத்தை மிதக்கவிட வேண்டியதாயிற்று.