மூன்றும் ஒரே பாதுகாப்பா?

பரவும் செய்தி: “கருவூல உண்டியல், வணிகத் தாள், வைப்புச் சான்றிதழ் மூன்றும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே பாதுகாப்பு ஒன்றுதான். எதில் வட்டி கூடுதலோ அதை வாங்குங்கள்.”

இது தவறு. மூன்றும் குறுகிய காலக் கடன் பத்திரங்கள்தான். ஆனால் விதி வகுப்பவர் வேறு, கடனைத் திருப்பித் தர வேண்டியவர் வேறு. கருவூல உண்டியலில் கடன்பட்டிருப்பது மத்திய அரசு. ரிசர்வ் வங்கி அதன் சார்பில் ஏலம் நடத்துகிறது. வைப்புச் சான்றிதழில் கடன்பட்டிருப்பது அதை வெளியிட்ட வங்கி. வணிகத் தாளோ ஒரு நிறுவனம் அடமானம் எதுவும் வைக்காமல் எழுதித் தரும் கடனுறுதிச் சீட்டு.

குழப்பத்துக்குக் காரணம், மூன்றும் பெரும்பாலும் ஒரே பாணியில் விற்கப்படுவதுதான். 100 ரூபாய் முகமதிப்புள்ள 91 நாள் உண்டியலை 98.30 ரூபாய்க்கு வாங்கினால், முதிர்வில் 100 ரூபாய் வரும். தனியாக வட்டி கிடையாது. அந்த 1.70 ரூபாய் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 6.94 சதவீதம். அதே 91 நாளுக்கு ஒரு நிறுவனத்தின் தாள் 98 ரூபாய்க்குக் கிடைத்தால், அந்த 30 காசு தள்ளுபடிச் சலுகை அல்ல. பெரும்பகுதி, பணம் திரும்பாமல் போகும் அபாயத்துக்கான விலை.

அந்த அபாயம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதித் துறையைச் சேர்ந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழும நிறுவனம் வணிகத் தாள்களுக்குப் பணம் தரத் தவறியது. சில வாரங்களுக்கு முன்புவரை அந்தக் குழுமத்துக்கு உயர்ந்த தர மதிப்பீடு இருந்தது.

இன்னொன்று: வணிகத் தாளுக்கும் வைப்புச் சான்றிதழுக்கும் குறைந்தபட்சத் தொகை 5 லட்சம் ரூபாய். உண்டியலை 10,000 ரூபாயிலேயே வாங்கலாம்.