சிம்மை நிறுத்துவதற்கு முன்

“மரணச் சான்றிதழை அனுப்பினால் வாட்ஸ்அப் நிறுவனமே அப்பாவின் பழைய மெசேஜ்களைத் தந்துவிடும், சிம்மை உடனே நிறுத்திவிடுங்கள்.”

தந்தையை இழந்த ஒருவருக்கு இந்தக் குழுவில் சொல்லப்பட்ட இந்த யோசனை சரியன்று. சென்றடைந்த செய்திகள் அந்நிறுவனத்தின் சேவையகத்தில் தங்குவதில்லை. அவை உரையாடியவர்களின் கைபேசிகளிலும், இறந்தவர் வைத்திருந்தால் கூகுள் அல்லது ஐகிளவுட் காப்புப் பிரதியிலுமே இருப்பதால், சான்றிதழைக் கண்டு எடுத்துக் கொடுக்க அந்நிறுவனத்திடம் எதுவும் இல்லை. இறந்தவரின் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றும் வசதி இருப்பது உண்மைதான், ஆனால் அது பேஸ்புக்கிற்கு உரியது.

வெள்ளவத்தையில் என் மாமாவின் கைபேசியைத் திறக்கும் எண் மாமிக்குத் தெரிந்திருந்ததால் (தெரியாத வீடுகளில் இது பெருஞ்சிக்கல்), முக்கியமான உரையாடல்களைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, More, Export chat என்று சென்று மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். சிம்மை அதன் பின்னரே நிறுத்துங்கள். அந்த எண் பிற்பாடு வேறொருவருக்கு வழங்கப்பட்டு அவர் பதிவுசெய்தால், உங்கள் கையிலுள்ள கைபேசியில் கணக்கு வெளியேறிவிடும்.