பேங்குக்குப் போக மிச்சம்தானா?

"கம்பெனி மூடினா பேங்க் கடன் போக மிச்சம்தான் சம்பள பாக்கிக்கு. சொத்தை வித்துப் பங்கு போடுற லிக்விடேட்டருக்கு எழுதுறது வீண்"னு ஒருத்தர் சொல்லியிருக்காரு.

தப்புங்க, இதை நம்பி யாரும் சும்மா இருந்துடாதீங்க. 2016 திவால் சட்டப்படி, நடைமுறைச் செலவு போனதும் தொழிலாளிகளோட கடைசி 24 மாத பாக்கி, அடமானச் சொத்தைப் பொதுப் பங்கீட்டுக்கு விட்டுக்கொடுத்த பேங்குக்குச் சமமா வருது. 30 மாசம் பாக்கின்னா, மீதி 6 மாசம்தான் பின்னாடி போகும். மேனேஜர்களுக்கு 12 மாசம், அதுவும் அடுத்த படியில. மேனேஜர்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது பாதி சரி.

பி.எஃப். பாக்கி என்னாகும்னா: அது தொழிலாளிகளுக்கே உரியது, இந்தப் பங்கீட்டுக்குள்ளயே வராது.

லிக்விடேஷன் தொடங்கின நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள, சம்பளச் சீட்டோட, பாக்கி கேட்கிற ஃபார்ம் 'இ'யை லிக்விடேட்டர்கிட்ட கொடுங்க. நிராகரிச்சா 14 நாளுக்குள்ள கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம் என்.சி.எல்.டி.யில மேல்முறையீடு. சொத்து வித்து எவ்வளவு தேறும்கிறது வேற கேள்வி.