0.08 எங்கயும் போயிட்டு இல்லைங்க, அங்கயேதான் நிக்குது

நான் ஸ்டாடிஸ்டிக்ஸ் பார்த்துக் கொடுக்குற ஒரு பிஜி டாக்டரோட தீசிஸ் மறுபடியும் வந்திருச்சு. டிஸ்கஷன்ல அதே பாரா, அதே வரி, "ட்ரெண்ட் டுவர்ட்ஸ் சிக்னிஃபிகன்ஸ்", அதாவது ரிசல்ட் சிக்னிஃபிகன்ஸை நோக்கிப் போயிட்டு இருக்காம். நான் சிவப்புல அடிச்சு, மார்ஜின்ல காரணம் எழுதி, அதுக்குப் பதிலா என்ன எழுதணும்னும் டைப் பண்ணிக் கொடுத்த வரி. நான் எழுதினதைத் தூக்கிட்டு பழசையே ஒட்டி, மேல "கைண்ட்லி அப்ரூவ்"னு மெயில் வேற. ஸ்டாடிஸ்டிக்ஸ் பாக்குற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல, எல்லாரும் பட்டிருப்பீங்க, ஆனா எனக்கு வயிறு எரியுது, கொட்டித்தான் ஆகணும்.

யாருன்னு தெரியக்கூடாதுன்னு விவரத்தை மாத்திட்டேன், கணக்கு மட்டும் இப்படி வச்சுக்கோங்க. வயித்து ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஒரு புது ட்ரெஸ்ஸிங், சாதா காஸ் துணியை விட விலை ஜாஸ்தி. ஒரு குரூப்ல 100 பேர், இன்னொண்ணுல 100 பேர். சாதா காஸ் குரூப்ல 20 பேருக்கு காயத்துல இன்ஃபெக்‌ஷன், புது ட்ரெஸ்ஸிங் குரூப்ல 11 பேருக்கு. கை-ஸ்கொயர் டெஸ்ட் போட்டா பி வேல்யூ 0.08. அதாவது ரெண்டு ட்ரெஸ்ஸிங்குக்கும் உண்மையில வித்தியாசமே இல்லாட்டியும், தற்செயலாவே இவ்ளோ வித்தியாசமோ இதை விட ஜாஸ்தியோ வர்ற வாய்ப்பு 8%. 0.05க்குக் கீழ வந்தாதான் "சிக்னிஃபிகன்ட்"னு ப்ரோட்டோகால்ல எழுதியிருக்கு. அவ்ளோதான் ரிசல்ட்.

மெயில் பார்த்துட்டு ஃபோன் பண்ணேன். தீசிஸ் எழுதுற பிஜி தம்பி எடுத்தான். "மேடம், சார்தான் அப்படியே இருக்கட்டும்னு சொன்னார், இதோ சார்கிட்டயே கொடுக்குறேன்"னு ஃபோனைக் கைமாத்திட்டான். அவனோட கைடு சார் ஆரம்பிச்சார். "என்னம்மா, 0.08 தானே? 0.05க்குப் பக்கத்துலதான இருக்கு? 35 பாஸ் மார்க்னா 33 எடுத்த மாதிரி. இன்னும் கொஞ்சம் கேஸ் கிடைச்சிருந்தா வந்திருக்கும். ட்ரெண்ட் இருக்குன்னு போட்டா என்ன குடி முழுகிப் போச்சு?"

வந்திருக்கும்! இந்த ஒரு வார்த்தைலதான் மொத்த வியாதியும் இருக்கு. எப்படி சார் வந்திருக்கும்? யார் சொன்னா? பி வேல்யூ 0.20ல ஆரம்பிச்சு 0.15, 0.10, 0.08னு இறங்கி வந்துட்டு இருந்ததை நீங்க பாத்தீங்களா? கடைசியா ஒரு தடவை கணக்கு போட்டோம், ஒரு நம்பர் வந்துச்சு. ஒத்தை நம்பருக்கு ஏது திசை? 20, 40, 60 மில்லிகிராம்னு டோஸ் ஏற ஏற இன்ஃபெக்‌ஷன் இறங்கிட்டே போச்சுன்னா அதுக்குப் பேர் ட்ரெண்ட், அதைப் பார்க்க காக்ரன்-ஆர்மிடேஜ்னு தனி டெஸ்ட்டே இருக்கு. இங்க இருக்கிறது ரெண்டே ரெண்டு குரூப்.

சரி, "இன்னும் கொஞ்சம் கேஸ்" கதையை எடுத்துக்குவோம். இது வாய்ச்சண்டை போடுற விஷயமே இல்ல, கணக்கு போட்டே பார்த்துடலாம். 2014ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல ஜான் வுட்டும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து இதையேதான் கேட்டாங்க: எல்லைக்குக் கொஞ்சம் வெளிய நிக்குற பி வேல்யூ, டேட்டா சேர்த்தா நிஜமாவே உள்ள வருமா? அதே வழியில நம்ம 0.08ஐ வச்சுப் போட்டுப் பாருங்க. முன்கூட்டி எந்த நம்பிக்கையும் வைக்காம, கையில இருக்கிற டேட்டாவை மட்டும் நம்பி, 200 பேரோட இன்னும் 20 பேரைச் சேர்க்குறோம். பி வேல்யூ 0.08ஐ விட மேல ஏறுறதுக்கான வாய்ப்பு சுமார் 39%. கிட்டத்தட்ட பத்துல நாலு தடவை நீங்க நினைச்சதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போகும். சரி, 20 பத்தல, ஆளையே டபுள் பண்ணி 400 ஆக்கிட்டோம்னு வைங்க. அப்பவும் சுமார் 23% வாய்ப்பு இருக்கு, மேல ஏற. இதுல கவனிங்க, இது உங்க ரிசல்ட்டை அப்படியே நம்பிப் போட்ட கணக்கு, உங்களுக்கு ரொம்பவே சாதகமான கணக்கு. அந்த ட்ரெஸ்ஸிங்ல உண்மையில ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு வச்சுக்கிட்டா, டபுள் பண்ணும்போது முக்கால்வாசிக்கும் மேல, சுமார் 77% தடவை, அது மேலதான் ஏறும். 33 மார்க் எடுத்த பையன் பேப்பரை ரீவேல்யுவேஷன் போட்டா மார்க் 25க்கும் போகலாம் சார், அதை ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?

இதெல்லாம் நான் பொறுமையாத்தான் சொன்னேன். சார் கேட்டுட்டு, "அதெல்லாம் தியரிம்மா"ன்னார்.

தியரியா? சரி, உங்க வார்டுக்கே வரேன். புது ட்ரெஸ்ஸிங் குரூப்ல இன்ஃபெக்‌ஷன் 11 பேருக்கு. அதுல ஒரே ஒருத்தருக்கு வரலைன்னு வைங்க, 20க்கு 10. பி வேல்யூ 0.048. இன்னொருத்தருக்குக் கூட வந்திருச்சுன்னு வைங்க, 20க்கு 12. பி வேல்யூ 0.12. ஒரு பேஷன்ட் இந்தப் பக்கம் சாய்ஞ்சா "சிக்னிஃபிகன்ட்"னு கொண்டாட்டம், அந்தப் பக்கம் சாய்ஞ்சா ட்ரெண்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஒருத்தர் காயத்துல ஈரம் பட்டதா இல்லையா, டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போனவர் செக்கப்புக்குத் திரும்பி வந்தாரா இல்லையா, இதுலயே ஆடுற நம்பர் இது. இதுக்கு ஒரு பயண திசை இருக்குன்னு எப்படி எழுத மனசு வருது?

அது மட்டுமா, 0.048 வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? "எங்க ரிசல்ட் இன்சிக்னிஃபிகன்ஸை நோக்கிப் போயிட்டு இருக்கு"ன்னு எழுதியிருப்பீங்களா? ஒரு தீசிஸ்ல, ஒரே ஒரு தீசிஸ்ல காட்டுங்க. 0.048ம் 0.08ம் ரெண்டுமே ஆட்டம் கண்ட நம்பர்தான், ஆனா கீழ இருக்கிறது மட்டும் கல்லு மாதிரி நிக்குமாம், மேல இருக்கிறது மட்டும் கீழ இறங்கி வந்துட்டே இருக்குமாம்.

இன்னொண்ணு இருக்கு, இதை யாருமே யோசிக்கிறதில்ல. உண்மையில எந்த வித்தியாசமும் இல்லாத ட்ரயலா 100 நடத்தினா, சராசரியா அஞ்சுல பி வேல்யூ 0.05க்குக் கீழ வரும். 0.05க்கும் 0.10க்கும் நடுவுல எத்தனை வரும்? இன்னொரு அஞ்சு. அதே அளவு. அந்த நடு இடத்துக்கு "ட்ரெண்ட்"னு ஒரு ஆறுதல் பரிசு கொடுத்தீங்கன்னா, பொய்யான அலாரம் நூத்துக்கு அஞ்சுங்கிறதை பத்தா ஆக்கிட்டீங்கன்னு அர்த்தம், அதுவும் யாருக்கும் சொல்லாம. 0.10தான் எங்க எல்லைன்னு ப்ரோட்டோகால்லயே எழுதி, எத்திக்ஸ் கமிட்டி முன்னாடி ஏன்னு காரணமும் சொல்லிட்டு ஆரம்பிச்சிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். ப்ரோட்டோகால்ல 0.05, டிஸ்கஷன்ல 0.10. இது எந்த ஊர் நியாயம்?

அப்போதான் தம்பி நடுவுல வந்தான். "அப்போ எஃபெக்ட் இல்லைன்னு எழுதிடவா மேடம்?" ஐயோ இல்லப்பா! அதுவும் அதே அளவு தப்பு. நீங்க பார்த்த வித்தியாசம் நூத்துக்கு 9 பேர். அதோட 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் என்ன சொல்லுது? நூத்துக்கு 19 பேர் குறையறதுல இருந்து 1 ஆள் கூடுறது வரைக்கும். அதாவது இந்த ட்ரெஸ்ஸிங் அருமையான பொருளாவும் இருக்கலாம், தண்டச் செலவாவும் இருக்கலாம், இந்த ட்ரயலால பிரிச்சுச் சொல்ல முடியல. இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்: "புது ட்ரெஸ்ஸிங் குரூப்ல இன்ஃபெக்‌ஷன் 9 சதவீதப் புள்ளி குறைவு, இன்டர்வல் 19 குறைவுல இருந்து 1 அதிகம் வரை, எந்தப் பக்கமும் முடிவு சொல்ல இந்த டேட்டா போதாது." இதுல என்ன அவமானம் இருக்கு? பார்த்த வித்தியாசத்தை யாரும் மறைக்கச் சொல்லல, முழுசா எழுதுங்கன்னுதான் சொல்றேன்.

ஏன் போதலைன்னும் எனக்குத் தெரியும். 20% இன்ஃபெக்‌ஷன் 10%ஆ குறையுதான்னு 80% பவரோட, அதாவது நிஜமாவே குறைஞ்சா அதைப் பிடிக்கிற வாய்ப்பு 80% இருக்கிற மாதிரி, பார்க்கணும்னா குரூப்புக்கு சுமார் 200 பேர் வேணும். ஆரம்பத்துலயே கணக்கு போட்டுக் கொடுத்தேன். "அவ்ளோ கேஸ் கிடைக்காதும்மா, 100 போதும்"னு பாதியா வெட்டினது யாரு? 100 வச்சா, ட்ரெஸ்ஸிங் நிஜமாவே இன்ஃபெக்‌ஷனைப் பாதியாக் குறைச்சாலும் அதைப் பிடிக்கிற வாய்ப்பு பாதிதான், காசு சுண்டிப் போடுறதுதான். அன்னைக்கு வெட்டின ஆளைத்தான் இன்னைக்கு "ட்ரெண்ட்"னு ஒரு வார்த்தையைப் போட்டு நிரப்பப் பார்க்குறாங்க.

சரி, வார்த்தையை விட மாட்டேங்குறேன்னு தெரிஞ்சதும் அடுத்த ஆஃபர் வந்துச்சு. "இன்னும் 20 கேஸ் மட்டும் சேர்த்துட்டு பாக்கலாமா? வரலைன்னா இன்னும் 20?" அடப்பாவிகளா. ரிசல்ட்டைப் பார்த்துப் பார்த்து, வர்ற வரைக்கும் ஆள் சேர்த்தா 0.05ங்கிறது 0.05ஆவே இருக்காது. டேட்டா சேரச் சேர சம இடைவெளியில அஞ்சு தடவை எட்டிப் பார்த்து, எப்ப 0.05க்குக் கீழ போகுதோ அப்ப நிறுத்துறதுன்னு வச்சுக்கிட்டா, ஒண்ணுமே இல்லாத இடத்துல "இருக்கு"ன்னு சொல்ற வாய்ப்பு 5%ல இருந்து 14%க்குப் போயிரும். நடுவுல பார்க்கணும்னா அதுக்குன்னு முறை இருக்கு, ஓப்ரையன்-ஃப்ளெமிங் மாதிரி எல்லைகளை ஆரம்பிக்கும் முன்னாடியே எழுதி வைக்கணும். முடிஞ்சு போனப்புறம் வந்து கேட்கக் கூடாது.

"ஒரு வார்த்தைதானே"ன்னு சொல்றவங்களுக்கு அந்த வார்த்தை போற வழி தெரியாது. டிஸ்கஷன்ல "ட்ரெண்ட்". அப்ஸ்ட்ராக்ட்ல இடம் பத்தலைன்னு "குறைக்கிறது". அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிச்சுட்டு தன் இன்ட்ரோவுல "குறைக்கும் என நிரூபிக்கப்பட்டுள்ளது". அதைப் பார்த்து ஒருத்தர் வார்டுக்கு வாங்கச் சொல்வார், கடைசில பில் கட்டுறது பேஷன்ட்டோட வீட்டுக்காரங்க.

ஃபோனை வச்சு பத்து நிமிஷத்துல தம்பிகிட்ட இருந்து மெசேஜ். "மேடம், சார் ட்ரெண்டை எடுத்துடலாம்னுட்டார்." அப்பாடான்னு நினைச்சேன். கீழ அடுத்த மெசேஜ்: "அதுக்குப் பதிலா மார்ஜினலி சிக்னிஃபிகன்ட்னு போட்டுட்டோம்."

எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, சத்தியமா, தனியா உக்காந்து சிரிச்சேன். மேத்யூ ஹாங்கின்ஸ்னு ஒருத்தர் இந்த மாதிரி நழுவல் வார்த்தைகளா 500க்கு மேல தொகுத்து வச்சிருக்கார், எல்லாமே அச்சுல வந்த பேப்பர்கள்ல இருந்து எடுத்தது. ஒண்ணை அடிச்சா அடுத்தது எடுக்கலாம், அவங்களுக்கு ஸ்டாக் தீரவே தீராது.

அடுத்த தீசிஸ் டேட்டா இப்பதான் வந்திருக்கு, திறந்தேன். ஆண்/பெண் காலம்ல Male, male, M, m, 1, ஒரு இடத்துல Mael. வயசு காலம்ல "45 yrs"னு எழுத்தோட. ஹீமோகுளோபின்ல ஒருத்தருக்கு 112. டெசிமல் பாயிண்ட் வைக்க கூடவாடா உங்களுக்கு நேரம் இல்ல?