"உட்பட்டு" என்று எழுதுவதற்கு முன்

நிதிக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் என்னைத் தயங்க வைக்கும் சொல் "உட்பட்டு". "கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நிபந்தனை நிறைவேறிய பிறகுதான் செலவு செய்யலாமா, செலவைத் தொடங்கிவிட்டுப் பின்னர் நிறைவேற்றிக்கொள்ளலாமா என்பதற்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை.

நான் செயலராக இருந்த ஒரு குழுவில் இதே பிழையைச் செய்தேன். "மானியம் கிடைப்பதைப் பொறுத்துக் கருவிகள் வாங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று குறிப்பில் எழுதினேன். மானியத்துக்கான அனுமதிக் கடிதம் வந்ததுமே கணக்குப் பிரிவு முழுத் தொகைக்கும் கொள்முதல் ஆணை கொடுத்துவிட்டது. வங்கிக்கு வந்ததோ முதல் தவணையான 40 சதவீதம் மட்டுமே. மீதியைச் சேமநிதியிலிருந்து கட்ட நேர்ந்தது. அதற்குக் குழு ஒருபோதும் இசைந்ததில்லை. ஒப்புதல் எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது, அதை யார் சரிபார்த்தார் என்று தணிக்கையாளர் கேட்டபோது, "கிடைப்பது" என்பதற்கு உறுப்பினர்கள் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். குறிப்பு அவர்களில் எவருக்கும் துணை நிற்கவில்லை.

இன்று எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "கருவிகள் தலைப்பில், மானியம் வங்கிக் கணக்கில் வரவான அளவுக்கு மட்டும் கொள்முதல் ஆணை வழங்கலாம். வரவைப் பொருளாளர் முன்னதாக எழுத்தில் சான்றளிக்க வேண்டும். நிதியாண்டின் ஆறாம் மாத இறுதிக்குள் வந்து சேராத தொகைக்கான ஒப்புதல் காலாவதியாகும். பிற தலைப்புகளுக்கு இந்நிபந்தனை பொருந்தாது." கடைசி வாக்கியத்தை அலட்சியமாக விட்டுவிட்டால், கருவிக்கு வைத்த நிபந்தனையைக் காட்டிச் சம்பளப் பட்டியலையும் நிறுத்திவைக்கும் எச்சரிக்கையான அலுவலர் எங்கும் ஒருவர் இருப்பார்.

வினைமுற்றிலும் கவனம் தேவை. "மூன்று விலைப்புள்ளிகள் பெறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது" என்பது வேண்டுகோள். அதை மீறினாலும் ஒப்புதல் செல்லுபடியாகும். "பெற்ற பின்னரே ஆணை வழங்க வேண்டும்" என்பதுதான் நிபந்தனை. கூட்டத்தில் உரத்த குரலில் சொல்லப்பட்ட ஆலோசனையைச் செயலர் நிபந்தனையாக உயர்த்துவதும், உண்மையான நிபந்தனையைப் பணிவின் பொருட்டு வேண்டுகோளாகத் தாழ்த்துவதும் நான் அடிக்கடி காணும் குறைகள். எழுந்த ஐயம் விவாதப் பகுதியில் இருக்கட்டும். தீர்மானப் பகுதியில் குழு இசைந்தது மட்டுமே இருக்க வேண்டும்.

விட்டுப்போனதை அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. அப்போது திருத்தக்கூடியது, நடந்ததைத் தவறாகப் பதிந்த இடத்தை மட்டுமே. அன்று பேசாத காலக்கெடுவை இன்று நுழைக்க வேண்டுமானால், அதைத் தனிப் பொருளாக நிகழ்ச்சி நிரலில் வைத்து, புதிய தேதியில் புதிய தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கொடுத்த ஆணைகள் பழைய வாசகத்தின்படியே மதிப்பிடப்படும்.