டிரைகிளிசரைடு 700 இருக்கும்போது எல்டிஎல் 80-ஐ நம்பலாமா?

இரத்தக் கொழுப்புப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து ஒருவர் சொன்னது: “டிரைகிளிசரைடு 700 இருந்தாலும் எல்டிஎல் 80தான், அதனால் பயமில்லை.”

இந்த 80 அளக்கப்பட்டதன்று. மொத்தக் கொலஸ்ட்ரால் 250-இலிருந்து எச்டிஎல் 30-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 140-ஐயும் கழித்துப் பெறப்பட்டது. 1972-இல் ஃப்ரீட்வால்டு குழுவினர் வெளியிட்ட இந்தச் சூத்திரம், அந்த ஐந்தில் ஒரு பங்கே டிரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களிலுள்ள கொலஸ்ட்ரால் என்று கொள்கிறது. டிரைகிளிசரைடு மிகும்போது துகள்களில் டிரைகிளிசரைடு பெருகுமளவுக்குக் கொலஸ்ட்ரால் பெருகுவதில்லை. ஆகவே 140 என்பது பெரும்பாலும் மிகை, கழித்தபின் மிஞ்சும் எல்டிஎல் உண்மையைவிடக் குறைவு. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இச்சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதே வழக்கமான வரம்பு. அப்போது பல ஆய்வகங்கள் அறிக்கையில் எல்டிஎல் இடத்தை வெறுமையாகவே விடுகின்றன.

வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தால் போதும் என்று சொல்வது பாதி சரி: சாப்பிட்டபின் எடுத்த இரத்தமாக இருந்தால் அளவு இறங்கக்கூடும். அப்போதும் 400-க்கு மேலிருந்தால் நேரடி எல்டிஎல் பரிசோதனை தேவை. டிரைகிளிசரைடு 180 போல இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

நேரடி முறையும், இரத்தநீர் பால்போல் கலங்கியிருந்தால், பிசகக்கூடும். எந்த அளவில் அதையும் விட வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. இங்கே 250-இலிருந்து 30-ஐ மட்டும் கழித்தால் வரும் 220-ஐயும் மருத்துவரிடம் காட்டுங்கள். எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் முழுவதும் அதில் அடங்கும்; 80 மறைப்பதை அது காட்டுகிறது.