சித்தப்பாவின் த்ரீ எக்ஸ்எல் சட்டை

போன வாரம் தக்கலைச் சித்தப்பா ஒரு ரெடிமேட் சட்டையோடு மார்த்தாண்டத்தில் என் தையல் கடைக்கு வந்தார். "மக்கா, த்ரீ எக்ஸ்எல்னு பாத்துதான் எடுத்தேன். தோள் தொங்குது, கை விரல மூடுது, வயித்துல மட்டும் பட்டன் தெறிக்குது. எனக்க உடம்புதான் கோணலா?"

உடம்பில் ஒரு கோணலும் இல்லை. திருப்பூரில் எட்டு வருஷம் பேட்டர்ன், அதாவது துணி வெட்ட வைக்கும் அளவு அச்சு, வெட்டியவன் நான். அந்தச் சட்டை எப்படிப் பிறந்திருக்கும் என்று தெரியும்.

கம்பெனியில் ஒரு மாடலுக்கு ஒரே சைஸில்தான், பெரும்பாலும் மீடியத்தில், பேட்டர்ன் போடுவார்கள். அதைத் தைத்து ஆளுக்கு மாட்டிப் பார்த்து அக்குள், காலர் எல்லாம் சரிசெய்வார்கள். மற்ற சைஸ்கள் அதிலிருந்து கூட்டியும் கழித்தும் வருபவை. இதுதான் கிரேடிங். சைஸுக்கு மார்பில் 2 அங்குலம், தோளில் அரை, கையில் அரை என்று விதி கொடுத்துவிட்டால் மிச்சத்தைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். பிறகு எல்லா சைஸிலும் ஒவ்வொன்று தைப்பார்கள். ஆனால் பல இடங்களில் அவற்றை மேசையில் வைத்து டேப்பால் அளப்பதோடு சரி. யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

சித்தப்பா மகனிடம் அதே மாடல் மீடியம் இருந்தது. இரண்டையும் அளந்தேன். மீடியத்தில் மார்பு 42, தோள் 18, கை 25. சித்தப்பாவுடையதில் 50, 20, 27. நாலு படி, நாலிலும் அதே கூட்டல்.

சித்தப்பாவின் உடம்புக் கணக்கு வேறு. மார்பு 46, வயிறு 50, தோள் பதினெட்டரை. எடை ஏறினால் தோள் எலும்பு அகலுமா, கைதான் நீளுமா? தோளில் ஒன்றரை அங்குலம் மிச்சம். பக்கத்துக்கு முக்கால் இறங்கிவிட்டது. அவருக்குக் கை இருபத்திநாலரை போதும். ஆக, கை மொத்தம் மூணே கால் அங்குலம் தாண்டி நிற்கிறது. சட்டை நேர்வெட்டு என்பதால் வயிற்றிலும் அதே 50தான், மூச்சுவிட இடமில்லை. அதோடு, கூட்டிய அகலத்தை முன்னும் பின்னும் சமமாகப் பிரித்திருக்கிறார்கள். தொப்பை முன்னால்தானே இருக்கிறது? அதனால் முன்பக்கம் மேலே ஏறி நிற்கிறது.

லார்ஜ் போடுபவருக்கு இந்தத் தப்பு ஒரு படி அளவுதான்; கண்ணில் படாது. நாலு படி தாண்டும்போதுதான் பல்லை இளிக்கிறது. சின்ன சைஸ்களிலும் இதே கதைதான். எக்ஸ்எஸ்ஸில் கையைப் பொருத்தும் ஆம்ஹோல் வளைவு படிப்படியாகச் சுருங்கி அக்குளைக் கடிக்கும். பாக்கெட்டை மட்டும் பெரும்பாலும் மாற்றுவதே இல்லை. ஒல்லிப் பையன் நெஞ்சில் அது தபால்பெட்டி மாதிரி இருக்கும்.

செய்ய முடியாத வேலை இல்லை. எக்ஸ்எல்லுக்கு மேல் தோள் கூட்டலைக் கால் அங்குலமாகக் குறைத்து, வயிற்றில் முன்பக்கம் அதிகம் கொடுக்கலாம். இன்னும் நல்லது, த்ரீ எக்ஸ்எல்லுக்கென்று தனி அடிப்படைப் பேட்டர்ன் போட்டு, அந்த உடம்புள்ள ஒருவருக்கு மாட்டிப் பார்ப்பது. அதற்கு நாளும் காசும் ஆகும், அதனால் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது சோம்பேறித்தனம்.

தோளை வெட்டிக் கையைப் பிரித்து மாட்டிக் கொடுத்தேன். வயிற்றுக்கு ஒன்றும் முடியவில்லை. பக்கத் தையலில் பிரித்துவிட மிச்சத் துணியே இல்லை.

"சரி, கீழ ரெண்டு பட்டனப் போடாம உடுத்துக்கிடுதேன்" என்று சட்டையை மடித்துக்கொண்டு போனார்.